நடுவில் அமுங்கிய கேக்: ஒரு படத்திலிருந்து காரணத்தைப் படிப்பது எப்படி

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து என் நாத்தனார் மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். நடுவில் கிண்ணம் மாதிரி குழிந்துபோன வெண்ணெய் கேக். கீழே ஒரே வரி: "அத்தை, எல்லாம் சரியாத்தான் போட்டேன், எங்க தப்பு?"

புதுச்சேரியில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். இப்படிப் படம் வருவது எனக்குப் புதிதில்லை. பலரும் உடனே "பேக்கிங் பவுடர் பழசா இருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். அமுங்கிய கேக்குக்கு அது பெரும்பாலும் காரணமே இல்லை. பேக்கிங் பவுடர் செத்துப்போயிருந்தால் கேக் எழும்பவே எழும்பாது, எழும்பாதது எங்கே அமுங்கும்? அதனால் படத்தைப் பார்த்ததும் மருந்து சொல்லாமல், ஒரு வரிசையில் பார்க்க வேண்டும். அந்த வரிசையை அவளுடைய கேக்கை வைத்தே சொல்கிறேன்.

முதலில், படம் சரியாக இருக்க வேண்டும்

அவள் அனுப்பிய முதல் படம் மேலிருந்து எடுத்தது, சமையலறை மஞ்சள் பல்பு வெளிச்சத்தில். குழி தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாக் கேக்கும் பொன்னிறமாகத்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் அந்த வெளிச்சம் ஆளை ஏமாற்றிவிடும்.

அதனால் மூன்று படம் கேட்டேன். ஜன்னல் ஓரமாகப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தட்டில் வைத்து, ஃப்ளாஷ் போடாமல் எடுக்கச் சொன்னேன். ஒன்று, கேக்கின் உயரம் தெரிகிற மாதிரி பக்கவாட்டில். இரண்டாவது, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சரியாக நடு வழியாக வெட்டி, வெட்டிய முகம். ஒரு துண்டு மட்டும் எடுத்துக் காட்டினால் ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது. மூன்றாவது, கேக்கைத் திருப்பி அடிப்பாகம். அதோடு, போட்ட அளவு, டின் எத்தனை அங்குலம், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், நடுவில் கரண்ட் போனதா, கதவைத் திறந்தாளா என்று எழுதி அனுப்பச் சொன்னேன். கடைசி இரண்டு கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. கேக் பாதி எழும்பி இன்னும் இறுகாமல் இருக்கும்போது பத்து நிமிடம் கரண்ட் நின்றாலே அது அப்படியே உட்கார்ந்துவிடும். அப்படி நடந்திருந்தால் மற்ற எதையும் தேட வேண்டாம்.

கேக் சூடாக இருக்கும்போது வெட்டி எடுத்த படத்தையும் நம்பக் கூடாது. சூட்டில் நன்றாக வெந்த கேக்கும் பிசுபிசுவென்றுதான் தெரியும். ஒரு மணி நேரமாவது ஆறட்டும்.

எழும்பி விழுந்ததா, எழும்பவே இல்லையா

இதுதான் முதல் கேள்வி. இதற்கு ஓரத்தைப் பார்க்க வேண்டும், குழியை அல்ல.

கேக்கில் முதலில் இறுகுவது டின்னை ஒட்டிய ஓரம். நடுப்பகுதிதான் கடைசி. எனவே ஓரம் நல்ல உயரத்தில் நின்று, நடு மட்டும் இறங்கியிருந்தால், கேக் நன்றாக எழும்பியிருக்கிறது, நடுப்பகுதி இறுகுவதற்குள் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஓரமும் நடுவும் சேர்ந்து தாழ்ந்து, மாவு ஊற்றிய மட்டத்திலேயே தட்டையாக இருந்தால், அது எழும்பவே இல்லை. அங்கேதான் செத்துப்போன பேக்கிங் பவுடரையும், காற்று ஏறாத வெண்ணெயையும் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. ஓரமும் சேர்ந்து இறங்கியிருக்கும், ஆனால் டின்னின் உள்சுவரில் அல்லது சுற்றிப் போட்ட பட்டர் பேப்பரில் கேக்குக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு இருக்கும். ஏரியில் தண்ணீர் வற்றிய பிறகு கரையில் தெரியும் கோடு மாதிரி. கேக் அதுவரை ஏறி, முழுசாக விழுந்திருக்கிறது. சர்க்கரை அல்லது பேக்கிங் பவுடர் அதிகமானால் பெரும்பாலும் இப்படித்தான் விழும். டின்னைக் கழுவிவிட்டுப் படம் அனுப்பினால் இந்தச் சாட்சி போய்விடும். பேப்பரைக் கசக்கிப் போட்டிருந்தாலும் குப்பையிலிருந்து எடுத்து விரித்துக் காட்டச் சொல்வேன்.

அவளுடைய பக்கவாட்டுப் படத்தில் ஓரம் நன்றாக நின்றிருந்தது. நடுவில் முக்கால் அங்குலம் பள்ளம். எழும்பி விழுந்த கேக்.

வெட்டிய முகம்: ஈரம் எந்த வடிவத்தில் இருக்கிறது

இதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கேக் வேகும்போது உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் சூட்டில் பெருகி மாவைத் தூக்குகின்றன. முட்டையும் மைதாவின் ஸ்டார்ச்சும் இறுகி அந்தக் குமிழிகளைச் சுற்றிச் சுவர் கட்டுகின்றன. சுவர் கட்டி முடியுமுன் வெளியே எடுத்தால், குமிழிக்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும்போது எல்லாம் சரிந்துவிடும். சரிந்த இடம் அடர்த்தியாக, கொஞ்சம் கண்ணாடித்தன்மையோடு, பச்சை மாவு நிறத்தில் தெரியும்.

அந்த அடர்த்தியான பகுதி எங்கே இருக்கிறது? குழிக்கு நேர் கீழே, மேலே அகலமாகவும் கீழே குறுகியும் ஒரு முக்கோணம் போலவோ கிண்ணம் போலவோ இருந்தால், அது வேகாத கேக். வெளியிலிருந்து உள்ளே வந்த சூடு அந்த இடத்தை எட்டவில்லை. சுற்றிலும் உள்சதை நன்றாகப் பூத்திருக்கும், எல்லைக் கோடு பளிச்சென்று தெரியும்.

அதுவே அடியில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே கனத்தில் பட்டையாக ஓடினால், காரணம் வேகாமை இல்லை. வெண்ணெய் உருகி மாவோடு சேராமல் கீழே இறங்கியிருக்கிறது, அல்லது ஈரம் அதிகம். அந்தப் பட்டை எண்ணெய்ப் பளபளப்போடு, தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டுவதாக இருந்தால் வெண்ணெய். ரப்பர் மாதிரி, களி மாதிரி இருந்தால் பால் அல்லது முட்டை கூடிப்போனது. படத்தில் இது தெரியாது, அதனால் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்வேன்.

மூன்றாவது வகை: குழிந்திருக்கும், ஆனால் நடுப்பகுதியில் ஈரமே இருக்காது. நன்றாக வெந்திருக்கும். உள்சதையில் பெரிய பெரிய ஓட்டைகள், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். அது பேக்கிங் பவுடர் கூடிப்போன கேக். குமிழிகள் வேகமாகப் பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துவிட்டன. மைதா 125 கிராமுக்கு, அதாவது ஒரு கப்புக்கு, ஒன்றிலிருந்து ஒன்றேகால் டீஸ்பூன் போதும், அதுவும் 5 மில்லி அளவு ஸ்பூனில் தலைதட்டி. வீட்டில் காபி கலக்குகிற ஸ்பூனில் குவித்து எடுத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு போய்விடும்.

உள்சதையில் கீழிருந்து மேலாகப் புழு துளைத்த மாதிரி நீண்ட துளைகள் இருந்தால், மைதா போட்ட பிறகு அதிகமாக அடித்திருக்கிறார்கள்.

அவள் வெட்டிய முகத்தில் இரண்டு விஷயம் இருந்தது. நடுவில் தெளிவான முக்கோணம். அதோடு அடியில் கால் அங்குலத்துக்கு ஒரு மங்கலான பட்டை, ஓரம் வரைக்கும். முக்கோணம் ஒரு தப்பு, பட்டை இன்னொரு தப்பு. ஒரு கேக்கில் ஒரு தப்புதான் இருக்கும் என்று நினைப்பதால்தான் பலர் ஒன்றைச் சரிசெய்துவிட்டு, "அப்பவும் சரியா வரல" என்று சோர்ந்துபோகிறார்கள்.

மேல்தோலும் நிறமும்

அவளுடைய கேக்கின் மேல்தோல் கரும்பழுப்பு. பக்கமும் அடியும் வெளிறிய மஞ்சள். இந்தச் சேர்க்கையைப் பார்த்ததுமே, ஓடிஜி என்கிற மின் அடுப்பில் மேலே சூடேற்றும் ராட் கண்முன் வந்துவிடும். சின்ன ஓடிஜியில் உயரமான டின்னை வைத்தால் கேக் எழும்பி மேல் ராடுக்கு இரண்டு விரல் தூரத்தில் போய் நிற்கும். மேலே கருகும், பார்க்கிறவர்கள் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுவார்கள், நடு பச்சையாக இருக்கும்.

மேல், பக்கம், அடி எல்லாமே வெளிறி, தோல் சுருங்கி மெத்தென்று இருந்தால் சூடு மொத்தமாகவே போதவில்லை. சூடு ஏறுவதற்கு முன்பே டின்னை உள்ளே வைத்திருக்கலாம். விளக்கு அணைந்ததும் ஓடிஜி தயார் என்று நினைக்கிறோம்; அப்போது உள்ளே காற்றுதான் சூடாகியிருக்கும், சுவரும் தட்டும் இல்லை. கதவைத் திறந்ததும் அந்தக் காற்று வெளியே போய்விடும். விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம் விடுங்கள். ஓடிஜியின் திருகு குமிழில் காட்டும் டிகிரியும் உள்ளே இருக்கும் டிகிரியும் 20 டிகிரி வரை வேறுபடுவது சாதாரணம். உள்ளே தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் இந்தச் சந்தேகம் தீரும்.

மேல்தோல் பளபளவென்று, மிட்டாய் மாதிரி ஒட்டி, தொட்டால் மெல்லிய ஏடாக உடைந்தால் சர்க்கரை அதிகம். சர்க்கரை கூடினால் ஸ்டார்ச் இறுகுவதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டியிருக்கும், அதற்குள் கேக் தளர்ந்து விழும். நம் வீடுகளில் இது எப்படி நேர்கிறது என்று பலமுறை பார்த்திருக்கிறேன். குறிப்பில் "ஒரு கப் பொடித்த சர்க்கரை" என்று இருக்கும். அது சுமார் 120 கிராம். ஒரு கப் முழுச் சர்க்கரையை அளந்து மிக்ஸியில் பொடித்துப் போடுவார்கள். அது 200 கிராம். பொடித்த பிறகு அளக்க வேண்டியதை அளந்த பிறகு பொடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். இதனால்தான் கப்பை விட்டுத் தராசுக்கு வரச் சொல்லி எல்லோரையும் கெஞ்சுகிறேன்.

வெனிலா கேக்கின் உள்சதை பழுப்பு கலந்த மஞ்சளாக, மேலே சீக்கிரம் கறுத்து, வாயில் சோப்பு மாதிரி ஒரு சுவை வந்தால் சமையல் சோடா அதிகம். பேக்கிங் பவுடருக்குப் பதிலாக அதே அளவு சோடாவைப் போட்டவர்களின் கேக் இப்படித்தான் இருக்கும்.

அவளுடைய கணக்கு

எழுதி அனுப்பினாள்: மைதா, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் 200 கிராம், முட்டை நான்கு, பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன். அளவில் ஒரு குறையும் இல்லை. 180 டிகிரி, 35 நிமிடம். கரண்ட் போகவில்லை. டின்?

"ஆறு அங்குலம் அத்தை. குறிப்புல எட்டு அங்குலம்னு போட்டிருந்துச்சு, என்கிட்ட இல்ல. மாவு எல்லாம் கொள்ளுதுன்னு ஊத்திட்டேன்."

முக்கோணத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. எட்டுக்கும் ஆறுக்கும் இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். பரப்பைப் போட்டுப் பாருங்கள். எட்டு அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 50 சதுர அங்குலம், ஆறு அங்குலத்துக்கு 28. அதே மாவு கிட்டத்தட்ட 1.8 மடங்கு உயரமாக நிற்கிறது. அவ்வளவு ஆழத்துக்குச் சூடு போய்ச் சேர 35 நிமிடம் எப்படிப் போதும்? உயரமாக நின்றதால் மேல் ராடுக்கும் அருகில் போய், மேலே கருகியிருக்கிறது. மேல்தோலும் முக்கோணமும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

"குச்சி குத்திப் பார்த்தியா?" என்றேன். பார்த்தாளாம், சுத்தமாக வந்ததாம். எங்கே குத்தினாள்? "ஓரத்துல அத்தை, நடுவுல ஓட்டை தெரியக்கூடாதுன்னு." அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மனசு வரவில்லை, பிறந்தநாள் கேக் அது. ஆனால் டூத்பிக்கை நடு மையத்தில்தான் குத்த வேண்டும், அடி வரைக்கும். டூத்பிக் எட்டாத உயரமான கேக்குக்கு மெல்லிய மூங்கில் குச்சி. இன்னும் உறுதி வேண்டுமென்றால், கூர்முனை தெர்மாமீட்டரை மையத்தில் குத்தினால் 96 முதல் 98 டிகிரி காட்ட வேண்டும்.

அடுத்த முறைக்கு அவளுக்குச் சொன்னது: எல்லா அளவையும் பாதியாக்கு. மூன்றும் 100 கிராம், முட்டை இரண்டு, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன். ஆறு அங்குல டின்னில் அது எட்டு அங்குலத்தில் முழு அளவு நிற்கிற அதே உயரத்துக்கு ஏறக்குறைய வந்துவிடும். டின்னைக் கீழ்த் தட்டில் வை, கேக்கின் மேல்மட்டம் ஓடிஜியின் நடுவுக்கு வரட்டும். 170 டிகிரி. 25 நிமிடம் வரை கதவைத் தொடாதே, பிறகு நடுவில் குத்திப் பார். முழு அளவையும் ஆறு அங்குலத்திலேயே உயரமாகப் போட்டே தீர வேண்டுமென்றால் 160 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மேலே நிறம் ஏறியதும் அலுமினியத் தாள் மூட வேண்டும்.

பட்டையைப் பற்றி அப்போது வேண்டுமென்றே எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

மிச்சமிருந்த பட்டை

மறுவாரம் இரண்டாவது படம் வந்தது. மேலே லேசாகக் குவிந்து, சீரான பொன்னிறம், குழி இல்லை. வெட்டிய முகத்தில் முக்கோணமும் இல்லை. அடியில் அந்தப் பட்டை மட்டும் அப்படியே இருந்தது, உள்சதையும் கொஞ்சம் இறுக்கம். விரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன், பிசுக்கு.

இது வெண்ணெய். நம் ஊர் வெயிலில் இது அடிக்கடி நடப்பது, இதைத்தான் வெளியூர்க் குறிப்புகள் யாருக்கும் சொல்வதில்லை. "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்" என்று எழுதுகிறவர்களின் அறை 20 டிகிரி. மே மாதக் கடலூர் சமையலறை 34, 35. வெண்ணெயைச் சர்க்கரையோடு அடிக்கும்போது சர்க்கரையின் விளிம்புகள் அதில் சின்னச் சின்னக் காற்றறைகளைக் கிழித்துக்கொண்டே போகும். வெண்ணெய் 18லிருந்து 21 டிகிரிக்குள் இருந்தால்தான் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் காற்றறைகளைத்தான் பெரிதாக்குகிறது. உருகிய வெண்ணெயில் அறையே இல்லை. அடித்தால் எண்ணெய் மாதிரி மினுங்கும், முட்டை சேர்த்ததும் பிரியும், வேகும்போது கீழே இறங்கி உட்காரும்.

எவ்வளவு நேரம் முன்னாடி எடுத்து வைத்தாள் என்று கேட்டேன். காலையிலேயே எடுத்து மேடையில் வைத்திருக்கிறாள், மூன்று மணி நேரம்.

கோடையில் வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் வெளியே வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலுக்குக் குளிர்ச்சி தெரிய வேண்டும், துண்டு வடிவம் மாறக் கூடாது. பளபளப்பு வந்துவிட்டால் தாமதமாகிவிட்டது; திரும்ப ஃப்ரிட்ஜில் ஐந்து நிமிடம் வைக்கலாம். பீட்டரின் சூட்டிலும் வெண்ணெய் இளகும், அதனால் பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த் தட்டில் வைத்து அடிக்கச் சொன்னேன். மூன்று, நான்கு நிமிடத்தில் நிறம் வெளுத்து, மாவு மிஷினில் அரைத்த தோசை மாவு நுரைத்த மாதிரி மெத்தென்று எழும்ப வேண்டும். முட்டையை ஒவ்வொன்றாக, முன்னது முழுசாகக் கலந்த பிறகே அடுத்தது. பிரிகிற மாதிரி தெரிந்தால் அளந்து வைத்த மைதாவில் ஒரு ஸ்பூன் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடலோரக் காற்றில் பேக்கிங் பவுடரும் ஈரம் இழுக்கும். அதையும் அன்றே சோதிக்கச் சொன்னேன்: அரை டம்ளர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன். சோடா பாட்டில் திறந்த மாதிரி உடனே பொங்கியது. அவளுடையதில் பழுதில்லை.

மூன்றாவது படத்தில் பட்டை இல்லை. உள்சதை அடியிலிருந்து மேல் வரை ஒரே மாதிரி, நுண்ணிய துளைகளோடு. அடிப்பாகம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிறியிருந்தது. டின்னைக் கனமான தட்டின் மேல் வைத்திருந்தாள், அடுத்த முறை கம்பித் தட்டில் வைக்கச் சொன்னேன்.

முதல் கேக்கை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாள். ஆறிப்போன கேக்கைத் திரும்ப ஓடிஜியில் வைத்தால் எழும்பாது, சுருங்கித்தான் போகும். நடு முக்கோணத்தில் பச்சை முட்டையும் பச்சை மாவும் இருக்கும், அதை வெட்டி எறியச் சொன்னேன். சுற்றி வெந்த பகுதியைத் துண்டுகளாக்கி, பால், முட்டை, சர்க்கரை கலவையில் ஊறவைத்து, இட்லிப் பானையில் வேகவைத்தால் புட்டிங். அண்ணன் பிறந்தநாளுக்கு அதைத்தான் வைத்தாளாம், மேலே முந்திரி வறுத்துப் போட்டு.